முதல் வரியில் இருந்த வேலை

ஐஸ்காரர் பாதி ஆயுளை மீன் கிடங்கின் குளிர் அறையில் கழித்தவர். மண்டையைப் பிளக்கும் வெயிலில்கூட அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்காரர் குளிர் தாங்காமல் ஜன்னலைச் சாத்துவார் என்று அவருடைய மச்சினன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது வடிகட்டிய பொய். பக்கத்து சீட்காரர் எழுந்து போனது உண்மைதான். ஆனால் அது மீன் வாடைக்காக.

கிடங்கை மூடிவிட்டார்கள். குளிர் இயந்திரத்தை நிறுத்திய அன்று, சுவரில் இருந்த பனியெல்லாம் உருகி வாசல் வரை ஓடியது. அதற்குப் பிறகு ஐஸ்காரருக்கு வேலை இல்லை. ஒரு ஏஜென்ட் மட்டும் கிடைத்தான். கடல் கடந்து ஒரு மீன் தொழிற்சாலை, ஒப்பந்தம் முடியும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது. "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணே, இல்லைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றான்.

மனைவி அழவில்லை. அவள் கோபமெல்லாம் பாத்திரத்தின் மேல்தான். தட்டைக் கழுவி வைக்கிற சத்தத்தில் மூன்று வீடு தள்ளி நாய் குரைத்தது. மகள்தான், எட்டு வயது, பள்ளிக்கூட வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்து, "நீங்க போற ஊர் இந்தப் பக்கத்துலயே இல்லப்பா, திருப்பணும் போல" என்றாள். ஐஸ்காரர் திருப்பவில்லை.

அந்த வாரம்தான் மச்சினன் விளம்பரத்தைக் கொண்டுவந்தான். அவனும் வேலை இல்லாதவன். ஆனால் வேலை தேடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. உலகத்தில் உள்ள அத்தனை நிறுவனமும் அவனை ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லியிருந்தது.

"மாமா, உங்களுக்காகவே அடிச்ச விளம்பரம். பெரியாஸ்பத்திரி. குளிர் அறைப் பணியாளர். ஒரே ஒரு இடம். நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

"பெரியாஸ்பத்திரியில எந்தக் குளிர் அறைடா?"

மச்சினன் கொஞ்சம் இழுத்தான். "அது… பிணவறை மாமா."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. எல்லோரும் அவள் பக்கம் பார்த்தார்கள். "வீட்டுக்குத் தினமும் வந்துடலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

விண்ணப்பத்தை மச்சினனே தயாரித்தான். அவனிடம் ஒரு சூத்திரம் இருந்தது. விளம்பரத்தில் எந்த வார்த்தை அதிகமாக வருகிறதோ அதைத் தூக்கி விண்ணப்பத்தின் தலையில் வைக்க வேண்டும். 'குளிர் அறை' என்ற வார்த்தை வரிக்கு வரி வந்தது. போதாதா? முதல் பத்தியில் ஐஸ்காரர் குளிர் அறையிலேயே பிறந்து குளிர் அறையிலேயே தவழ்ந்தவர் போல எழுதி, எத்தனை கனமான பெட்டியைத் தூக்குவார், எவ்வளவு குளிரில் நிற்பார் என்று அடுக்கியிருந்தான். படித்துப் பார்த்த ஐஸ்காரருக்கே இந்த மனிதரிடம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்று தோன்றியது.

"எதுக்கும் நூலக மாடியில ஒருத்தர்கிட்ட காட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி. நூலக மாடியில் வேலை தேடுவோருக்கு உதவி செய்கிற அறை ஒன்று இருந்தது. மறுநாள் காலை மாமனும் மச்சினனும் போனார்கள்.

அறை முழுக்க ஆட்கள். யாரும் யாரையும் பார்க்காமல், தெரிந்தவர்கள்கூடத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசகர் முப்பது வயதைத் தாண்டாத பெண். மேஜை மேல் கலர் பென்சில் டப்பா. விண்ணப்பத்தை வாங்கியவள் அதைப் படிக்கவே இல்லை. கவிழ்த்து வைத்துவிட்டு, "விளம்பரத்தைக் குடுங்க" என்றாள்.

"விண்ணப்பத்துல வெயிட்டா எழுதியிருக்கேன் மேடம்" என்றான் மச்சினன். "குளிர் அறைன்னு மட்டும் ஒன்பது இடத்துல வருது. எண்ணிட்டுத்தான் போட்டேன்."

"ஸ்கூலுக்கு ஆயா வேணும்னு விளம்பரம் போட்டா 'பள்ளி'ங்கற வார்த்தை எத்தனை தடவை வரும்?"

"நிறைய வரும்."

"அதுக்காக ஆயாவுக்குப் பள்ளிக்கூடம் கட்டத் தெரியணுமா?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டு உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். ஆலோசகர் விளம்பரத்தை மேஜையின் நடுவில் வைத்தாள். "குளிர் அறைங்கறது அந்த இடத்தோட பேரு. குளிர் அறைப் பதிவேடு, குளிர் அறை வாசல், குளிர் அறைக்கு வர்றவங்க. பேரைத் தள்ளிடுங்க. விளம்பரத்தோட இந்த முதல் பத்தியையும் தள்ளிடுங்க. அர்ப்பணிப்பு, குழு உணர்வு, சிறந்த சேவை, இதெல்லாம் எல்லா விளம்பரத்துலயும் ஒட்டுற வால்போஸ்டர். மிச்சம் என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க. வேலைகள்னு போட்டிருக்கற பகுதி, தகுதிகள்னு போட்டிருக்கற பகுதி, ரெண்டுலயும் வர்ற விஷயத்துக்கு ஒரு கலர்."

ஐஸ்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வேலைகளின் முதல் வரி: 'இறந்தவரை அடையாளம் காட்ட வரும் உறவினரைக் குளிர் அறை வாசலில் சந்தித்து, முடியும்வரை உடனிருத்தல்.' சிவப்புப் பென்சிலை எடுத்து 'உறவினர்' என்பதன் கீழே கோடு போட்டார். அப்புறம் அந்த வார்த்தை வேறெங்கும் இல்லை. "ஒரு இடத்துலதான் வருது."

"வார்த்தையைத் தேடாதீங்க, ஆளைத் தேடுங்க" என்றாள் அவள். "எழுதறவங்க ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் போட மாட்டாங்க."

அவர் மறுபடி படித்தார். மூன்றாவது வரியில் 'குடும்பத்தாரிடம்'. இன்னும் கீழே 'வந்திருப்போர்'. தகுதிகளில் முதல் வரியே 'துயரத்தில் இருப்போரிடம் பொறுமை'. பென்சில் நகர நகரத் தாள் சிவந்துகொண்டு வந்தது. பெயர் மாறினாலும் ஆள் ஒரே ஆள்தான்.

பிறகு பச்சை. 'அடையாளச் சீட்டைக் குளிர் அறைப் பதிவேட்டுடன் ஒப்பிடுதல்' இரண்டாவது வரி. 'ஒப்படைக்கும்முன் மீண்டும் சரிபார்த்தல்' மூன்றாவது. தகுதிகளில் 'பிழையில்லாமல் பதிவு செய்தல்' இரண்டாவது. தூக்குவதும் துடைப்பதும் வெப்பநிலை பார்ப்பதும் வேலைகளின் அடியில் கிடந்தன. 'குளிர்ப்பதனக் கிடங்கில் அனுபவம் விரும்பத்தக்கது' என்பது தகுதிகளில் கடைசிக்கு முந்தியது. கடைசியில் 'ஓட்டுநர் உரிமம் இருந்தால் நல்லது'.

"கட்டாயம்னா வேற, இருந்தா நல்லதுன்னா வேற" என்றாள் ஆலோசகர். "வரிசையை மட்டும் நம்பாதீங்க, சில பேர் தோணின வரிசையில எழுதிடுவாங்க. எத்தனை தடவை வருதுங்கறதை மட்டும் நம்பினா உங்க மச்சினன் மாதிரி ஆயிடும். ரெண்டும் ஒரே விஷயத்தைக் காட்டினா, அதுதான் அவங்களுக்கு வேணும்."

"அப்ப நான் மாமாவைக் கொண்டுபோய்க் கடைசி வரிக்கு முந்தின வரியில நிறுத்தியிருக்கேன்" என்றான் மச்சினன். ஆயுளில் அவன் தவறை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. நூலகத்தில் அதற்கு ஒரு கல்வெட்டு வைத்திருக்கலாம்.

ஆலோசகர் ஐஸ்காரரைப் பார்த்தாள். "சொல்லுங்க. இந்தச் சிவப்புக்கு உங்ககிட்ட என்ன இருக்கு? உறவை இழந்தவங்க கூட நீங்க எப்பவாவது இருந்திருக்கீங்களா?"

ஐஸ்காரர் பென்சிலை டப்பாவில் வைத்தார். "இருந்திருக்கேன்."

"அப்ப அதை எழுதுங்க. முதல் வரியில."

"அதை எழுத முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

படியிறங்கும்போது மச்சினன் பின்னாலேயே ஓடிவந்தான். "மாமா, என்ன மாமா? நெட்டையன் அண்ணன் விஷயம்தானே? அதைச் சொன்னா இந்த வேலை உங்க மடியில வந்து விழும்."

"வாயை மூடுடா."

"வெள்ளிக்கிழமை அந்த ஏஜென்டுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

ஐஸ்காரர் தெருவில் இறங்கி நடந்தார். மச்சினன் பேசாமல் பின்னால் வந்தான். அவன் பேசாமல் நடந்ததைப் பார்த்து எதிரில் வந்த தெரிந்தவர் ஒருவர், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நெட்டையன் கிடங்குக்குள் பெட்டிகளை நகர்த்தும் சிறு வண்டியை ஓட்டியவன். ஐஸ்காரரின் சிநேகிதன். போன வருஷம் ஒரு காலை, குளிர் அறைக்குள் வண்டியில் உட்கார்ந்தபடியே இதயம் நின்று இறந்துபோனான். அவன் மனைவி அப்போது வெளியூரில் இருந்தாள். அவள் வந்து சேரும்வரை ஐஸ்காரர் இதே பெரியாஸ்பத்திரிப் பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான் மற்றவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நடந்ததை அவர் யாரிடமும், மனைவியிடம்கூட, சொன்னதில்லை. அதைக் கொண்டுபோய் விண்ணப்பத்தில் வைப்பதா? செத்த சிநேகிதனைக் காட்டி வேலை கேட்பதா? நினைக்கவே கூசியது.

ஆனால் நடந்தவர் எங்கே போய் நின்றார் தெரியுமா? நெட்டையன் மனைவியின் ஜெராக்ஸ் கடை வாசலில். கால் தானாகக் கொண்டுபோய் விட்டது என்று மச்சினன் பிற்பாடு சொல்வான். அப்படியெல்லாம் இல்லை, யோசித்துத்தான் போனார். கேட்க வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான்.

கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே போக வேண்டிய அளவு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வாங்கண்ணா" என்றாள் அவள். "வேலைக்கு அப்ளை பண்றீங்களா? பண்ணுங்க. இன்னைக்குக் காலையில இருந்து அப்ளிகேஷனாத்தான் அடிக்கறேன். எல்லாரும் கடின உழைப்பாளி. இந்த ஊர்ல சோம்பேறின்னு மருந்துக்குக்கூட ஒருத்தன் இல்லை போல."

மச்சினன் சிரித்தான். ஐஸ்காரர் விளம்பரத்தை நீட்டினார். சிவப்பும் பச்சையுமாய் இருந்த தாளை அவள் வாங்கிப் படித்தாள். சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"இதுல முதல்ல கேக்கறது…" என்று ஆரம்பித்தார் அவர். எட்டி, சிவப்புக் கோட்டைக் காட்டினார். "அன்னைக்கு நான் அங்க இருந்ததை எழுதச் சொல்றாங்கம்மா. உன்னைக் கேக்காம எழுத மாட்டேன். வேண்டாம்னா வேண்டாம்."

மெஷின் தாள்களைத் துப்பி முடித்து நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"அவர் செத்தது உங்களுக்கு அனுபவமாண்ணா?" என்றாள்.

மச்சினன் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். ஐஸ்காரர் தலையைக் குனிந்து தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். "தப்புதாம்மா. கேட்டிருக்கக் கூடாது."

அவள் தாளைக் கொடுக்கவில்லை. மறுபடியும் முதல் வரியைப் படித்தாள், உதடு அசைய. 'வாசலில் சந்தித்து, முடியும்வரை உடனிருத்தல்.' ஒரு வாடிக்கையாளர் வந்து எட்டிப் பார்த்தார். "கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டாள்.

"அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்றாள் பிறகு.

"ஒண்ணும் பண்ணலையேம்மா."

"நான் வந்தப்ப பிணவறை ஜன்னல்ல இருந்தவன் ஒரு பேப்பரைத் தள்ளி, கையெழுத்துப் போடுன்னான். நான் பேனாவை வாங்கிட்டேன். நீங்கதான், 'முதல்ல பாக்கட்டும், அப்புறம் போடலாம்'னு சொன்னீங்க. அப்புறம் நீங்க உள்ள போய்ப் பாத்துட்டு வெளிய வந்தீங்க. வந்து என்கிட்ட சொன்னீங்க. 'முகம் அப்படியே இருக்கும்மா, தூங்கற மாதிரி. வாய் கொஞ்சம் திறந்திருக்கு. கை ரொம்ப சில்லுன்னு இருக்கும், பயப்படாத. தொடலாம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கலாம்.' அவ்வளவுதான் சொன்னீங்க. அப்புறம் ஒரு வார்த்தை பேசலை."

ஐஸ்காரர் கவுண்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மாமியார் தொடலை. பயந்துட்டாங்க. இப்ப வரைக்கும் அதைச் சொல்லி அழறாங்க, தொடாம விட்டுட்டேனேன்னு. நான் தொட்டேன். சில்லுன்னு இருக்கும்னு நீங்க முன்னாடியே சொல்லி வச்சதாலதான் தொட்டேன்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக. "இனிமே அந்த ஜன்னல்ல பேப்பரைத் தள்றவன் உட்காரணுமா, நீங்க நிக்கணுமா? உட்காருங்க. நான் டைப் பண்றேன்."

"அவன் பேரு வேண்டாம்மா."

"பேரு போட மாட்டேன். ஆனா 'துயரத்தில் இருப்போரைத் திறம்படக் கையாண்டேன்'னு உங்க மச்சினன் பாஷையில போட்டீங்கன்னா மெஷினைத் தூக்கி மண்டையில போடுவேன். நடந்ததை நடந்த மாதிரி போடணும்."

வெளியே இருந்து, "அக்கா, எனக்குக் காது கேக்குது" என்றான் மச்சினன்.

முதல் பத்தி நாலே வரி. உடன் வேலை செய்தவர் இறந்தபோது அவர் குடும்பம் வரும்வரை பிணவறை வாசலில் காத்திருந்தேன். பார்ப்பதற்கு முன் என்ன பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவர்கள் முடித்துக் கிளம்பும்வரை இருந்தேன். அடுத்த பத்தி கிடங்கில் ஒவ்வொரு பெட்டியின் சீட்டையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு அனுப்பியது. குளிர் அறை அனுபவமும் கனமான பெட்டிகளும் கடைசி வரிகளில் போய் அடக்கமாக உட்கார்ந்தன. விசாரிக்க விரும்பினால் என்று அவள் தன் பெயரையும் போன் நம்பரையும் அடியில் சேர்த்தாள். அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்தே அனுப்பினார்கள். மச்சினன் அஞ்சு மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஒரு அடைமொழியாவது சேர்க்கப் பார்த்தான். நடக்கவில்லை.

அதே வெள்ளிக்கிழமைக்கு நேர்காணல் வந்தது.

நேர்காணல் அறையில் இரண்டு பேர். பணியாளர் பிரிவின் எழுத்தர் ஒருவர். பிணவறைப் பிரிவின் பொறுப்பாளர் ஒரு நரைமுடி அம்மா. வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களின் புஜங்களைப் பார்த்தால், அவர்கள் ஆஸ்பத்திரியையே தூக்கி அடுத்த தெருவில் வைத்துவிடுவார்கள் போலிருந்தது. ஐஸ்காரர் அவர்கள் நடுவில் ஈர்க்குச்சி மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனார்.

"எல்லாரும் எவ்வளவு எடை தூக்குவாங்கன்னு ஆரம்பிச்சிருக்காங்க" என்றார் பொறுப்பாளர் அம்மா. "நீங்க ஏன் இதை முதல்ல போட்டீங்க?"

"நீங்க அதைத்தான் முதல்ல கேட்டிருந்தீங்க. அப்புறமும் வேற வேற பேர்ல அதையேதான் கேட்டிருந்தீங்க."

எழுத்தர் தன் கையிலிருந்த விளம்பரத்தைப் புரட்டிப் பார்த்தார். அவர்தான் அதை எழுதியவர். இதைக் கேட்டதும் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த நம்பருக்குப் போன் பண்ணேன்" என்றார் அம்மா. "அவங்க சொன்னது இதைவிட அதிகம். எங்க ஆள் பேப்பரை முதல்ல தள்ளினதையும் சொன்னாங்க." விண்ணப்பத்தை மேஜையில் வைத்தார். "அப்படிப் பண்ணினது அவங்களுக்கு மட்டும் இல்லை. அதனாலதான் இந்த விளம்பரத்துல சொந்தக்காரங்க கூட இருக்கறதைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னேன்." பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி. சொந்தக்காரங்க பாத்து, இவர்தான்னு சொல்லிட்டாங்க. அழறாங்க. அப்புறமும் எதுக்குச் சீட்டைச் சரிபார்க்கணும்? இரண்டாவதா அதைப் போட்டிருக்கீங்களே?"

ஐஸ்காரர் யோசித்தார். "அழறவங்க சரியாப் பாக்க மாட்டாங்கம்மா. சில பேர் பாக்கப் பயந்துகிட்டு ஆமான்னு தலையாட்டிடுவாங்க. அவங்க மேல தப்பு இல்லை. அவங்க சொல்றதும் சீட்டும் பதிவேடும் மூணும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு இடிச்சாலும் ஒப்படைக்கக் கூடாது. கிடங்குல பெட்டிக்கே அப்படித்தான் பண்ணுவோம்." சொன்ன பிறகு முகம் சுருங்கியது. "பெட்டியோட சேத்துச் சொன்னது தப்பு."

"சொல்லிட்டு இப்படி முகம் மாறினவர் இன்னைக்கு நீங்க ஒருத்தர்தான்" என்றார் அவர். எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் தலையசைத்தார். "மிச்சப் பேரையும் பாத்துட்டுத்தான் சொல்லணும். வெளிய இருங்க."

பெஞ்சில் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். மதியம் தாண்டி எழுத்தர் வெளியே வந்து, "திங்கட்கிழமை காலையில வந்துடுங்க" என்றார். ஐஸ்காரருக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. "சரிங்க" என்றார். மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். எதிர்முனையில் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. "கேக்குதா?" என்றார். "கேக்குது" என்றாள். "வரும்போது புள்ளையை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வாங்க." இன்னும் நிறைய வருஷத்துக்கு அதையே சொல்லப் போகிறவள் மாதிரிச் சொன்னாள்.

வாசல் பக்கம் திரும்பும் வழியில்தான் பிணவறையின் அந்த ஜன்னல் இருந்தது. மூடியிருந்தது. எதிரில் ஒருவர், ஐஸ்காரர் வயதுதான் இருக்கும், கையில் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. ஒரு கதவைத் தொடுவதும் கையை எடுப்பதுமாய் இருந்தார்.

ஐஸ்காரருக்கு வேலை திங்கட்கிழமையிலிருந்துதான். இன்னும் அடையாள அட்டைகூடக் கிடையாது. பக்கத்தில் போய் நின்றார்.

"யாருக்காக வந்திருக்கீங்க?" என்றார்.

"தம்பி" என்றார் அவர். "என் தம்பி. வரச் சொன்னாங்க."

"உள்ள பொறுப்பாளர் அம்மா இருக்காங்க. கூட்டிட்டு வர்றேன். அதுவரைக்கும் இப்படி உட்காருங்க. பையை மடியில வச்சுக்கலாம்."

ஐஸ்காரர் நேர்காணல் அறைக்குத் திரும்பி நடந்து, பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லி, அவர் சாவியோடு வருவதற்குள் பெஞ்சுக்கே வந்துவிட்டார். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஏஜென்ட். அதை வெளியே எடுக்காமலே பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு, அந்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் எப்படி இருப்பான்?" என்று கேட்டார் அவர், தரையைப் பார்த்தபடி.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார் ஐஸ்காரர். "அம்மா வந்ததும் நான் முதல்ல உள்ள போகலாமான்னு கேக்கறேன். பாத்துட்டு வந்து உங்ககிட்ட சொல்றேன். அப்புறம் நீங்க போகலாம்."